தள்ளுபடி விலையை மனத்தால் போடுவது எப்படி: படிவம் 1, 2 மாணவர்களுக்கு ஒரு பாடம்

பிள்ளைகளே, தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான். சுங்கை சிப்புட் டவுனில் பஸ்ஸில் இருந்து இறங்கினாலே கடை வாசல் எல்லாம் சிவப்பு எழுத்தில் டிஸ்காவுன், டிஸ்காவுன் என்று எழுதித் தொங்குகிறது. போன வாரம் விளம்பரத் தாள் கொண்டு வரச் சொன்னேன், நிறையப் பேர் கொண்டு வந்திருக்கிறீர்கள், நல்லது. இன்றைக்குப் பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். கால்குலேட்டர், போன் எதுவும் வேண்டாம்.

முதலில் ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் விழுக்காடு, கழிவு என்று படித்தீர்கள், இப்போது இடைநிலைப் பள்ளியில் ஆசிரியர் பெராத்துஸ், டிஸ்காவுன் என்கிறார். பெயர்தான் வேறு, கணக்கு அதே கணக்கு. நூறில் எத்தனை என்பதுதான் விழுக்காடு. ஆறாம் ஆண்டில் கற்றது மறந்துவிட்டதோ என்று யாரும் பயப்பட வேண்டாம்.

சரி, பத்து விழுக்காட்டில் இருந்து ஆரம்பிப்போம். பத்து விழுக்காடு என்றால் பத்தில் ஒரு பங்கு, அதனால் தசமப் புள்ளியை ஒரு இடம் இடது பக்கம் தள்ளினால் போதும். 40 வெள்ளிக்குப் பத்து விழுக்காடு 4 வெள்ளி. 65 வெள்ளிக்கு 6 வெள்ளி 50 காசு. இந்த ஒன்று கையில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதை வைத்தே வரும்: ஐந்து வேண்டுமா, பாதியாக்கு, இருபது வேண்டுமா, இரட்டிப்பாக்கு. கவின் கொண்டு வந்த தாளில் பள்ளிக் காலணி 40 வெள்ளி, 15% கழிவு. பத்து விழுக்காடு 4, ஐந்து விழுக்காடு அதில் பாதி 2, மொத்தம் 6. கொடுக்க வேண்டியது 34 வெள்ளி. பேனாவே தேவைப்படவில்லை பாருங்கள். 25% என்று வந்தால் இதுகூட வேண்டாம், விலையை நாலாகப் பிரித்து ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

ஆனால் பெரிய கழிவுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த வழி. எவ்வளவு குறைக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று பாருங்கள். 30% கழிவு என்றால் நாம் கொடுப்பது 70%. அதாவது ஏழு பத்துகள். இந்தப் புடவை விளம்பரம், 120 வெள்ளி, 30% கழிவு: பத்து விழுக்காடு 12, ஏழு பன்னிரண்டு 84. முடிந்தது. கழித்தல் வேலையே இல்லை, பிழை விடுவதற்கும் வழி குறைவு. உங்கள் விடைத்தாள்களைத் திருத்தும்போது பார்க்கிறேன், கழிவை ஒழுங்காகக் கண்டுபிடித்துவிட்டு விலையில் இருந்து கழிக்க மறந்து, கழிவான 36 ஐயே விடையாக எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறவர்கள் வகுப்பில் பாதிப் பேர். இந்த வழியில் போனால் அந்தத் தவறு நடக்காது.

அப்புறம் கடைக்காரர்கள் முழு எண்ணில் விலை போடுவதில்லை. 79.90 என்று ஒரு புத்தகப் பை, 20% கழிவு. இதை 80 ஆக நினைத்துக்கொள்ளுங்கள். எண்பதில் 80% என்பது எட்டு எட்டு, 64. நாம் பத்துக் காசு கூட்டி வைத்தோம் அல்லவா, அதில் 80% எட்டுக் காசு, அதைத் திருப்பிக் கழித்தால் 63.92. ரொக்கமாகக் கொடுத்தால் 63.90 தான் வாங்குவார்கள், ஏனென்றால் 2008 ஏப்ரலில் இருந்து பில்லின் மொத்தத்தைப் பக்கத்தில் உள்ள ஐந்து காசுக்குச் சரி செய்கிறார்கள். கடையில் நிற்கும்போது 64 வெள்ளி என்று தெரிந்தாலே போதும், பரிட்சையில் மட்டும் 63.92 என்று எழுதுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எந்த விழுக்காட்டைப் பார்த்தாலும் கேளுங்கள்: எதில் இத்தனை விழுக்காடு? போன வருடம் நம் வகுப்பு மாணவி ஒருத்தி அம்மாவோடு துணி எடுக்கப் போனாள். சட்டை 100 வெள்ளி, மேலே "50% + 20%" என்று அட்டை. எழுபது விழுக்காடு கழிவு என்று எண்ணி 30 வெள்ளியைக் கையில் எடுத்து வைத்திருக்கிறார்கள், கவுண்டரில் 40 கேட்டதும் பின்னால் வரிசை நிற்க, அம்மா சட்டையை வைத்துவிட்டு வந்துவிட்டார். அதைக் கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கணக்கில் கடை பிழை விடவில்லை. முதல் 50% நூறில் எடுத்தது, மிச்சம் 50. அடுத்த 20% நூறில் அல்ல, அந்த ஐம்பதில். ஐம்பதில் இருபது விழுக்காடு 10, அதனால் விலை 40. மொத்தக் கழிவு 60%, எழுபது இல்லை. இந்த மாதிரி அட்டையைப் பார்த்தால் கூட்டாதீர்கள், ஒன்றன் பின் ஒன்றாகப் போடுங்கள்.

அதே கேள்வியைத் திருப்பியும் போடலாம். ஒரு கடை 50 வெள்ளிப் பொருளுக்கு 20% விலையை ஏற்றி, அப்புறம் 20% கழிவு என்கிறது. பழைய விலைக்கே வந்துவிடும் என்று தோன்றும், வராது. ஏற்றியது ஐம்பதில், 60 ஆனது. குறைத்தது அறுபதில், 12 போய் 48 ஆகிறது.

இன்னொன்று, கழிவுக்குப் பின் விலை 48 வெள்ளி, கழிவு 20%, அசல் விலை என்ன என்று கேட்பார்கள். நாற்பத்தெட்டோடு இருபது விழுக்காட்டைக் கூட்டி 57.60 என்று எழுதுவது தவறு, ஏனென்றால் அந்த இருபது அசல் விலையில் எடுத்தது. 48 என்பது எட்டுப் பத்துகள். ஒரு பத்து 6, பத்துப் பத்துகள் 60. அசல் விலை 60 வெள்ளி.

"செஹிங்கா 70%" என்பதில் 70% ஐப் பெரிதாகவும் செஹிங்காவைப் பொடி எழுத்திலும் போட்டிருக்கும் தாளையும் எடுத்துப் பாருங்கள். எழுபது வரை என்று அர்த்தம். ஒரே ஒரு பொருளுக்கு எழுபது இருந்து மற்றதெல்லாம் பத்தாகவும் இருக்கலாம், அதனால் விலைச்சீட்டைத்தான் நம்ப வேண்டும்.

இனி நீங்கள் போடுங்கள், இரண்டு இரண்டு பேராக, ஒருவர் விளம்பரத்தை வாசிக்க மற்றவர் வாயால் விடை சொல்ல வேண்டும். ஒரு கடையில் 30 வெள்ளிச் சட்டை, இரண்டாவது சட்டை பாதி விலை. எதிர்க்கடையில் அதே சட்டை, அதே விலை, ஒவ்வொன்றுக்கும் 30% கழிவு. அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு வேண்டும், எங்கே வாங்குவீர்கள்? முதல் கடையில் 30 கூட்டல் 15, 45. அறுபதில் பதினைந்து குறைகிறது, அது 25% கழிவுதான். எதிர்க்கடையில் அறுபதில் ஏழு பத்துகள், 42. மூன்று வெள்ளி மிச்சம். ஒரே சட்டை போதும் என்றால் முதல் கடையில் கழிவே கிடையாது என்பதையும் பாருங்கள்.

வீட்டுக்கு மூன்று கணக்கு. வேட்டி 45 வெள்ளி, 20% கழிவு. முறுக்கு அச்சு 29.90, 10% கழிவு. பஞ்சாபி சூட் 150 வெள்ளி, "40% + 10%". இவற்றின் விடைகள் 36, 26.91, 81. எப்படி வந்தது என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ தமிழில் சொல்லிக் காட்டுங்கள், செம்பனைத் தோட்டத்தில் காலையில் இருந்து வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், கொஞ்சம் உட்கார்ந்த பிறகு கேளுங்கள். வியாழக்கிழமை வரும்போது நீங்களே ஒரு விளம்பரத்தை வெட்டி நோட்டில் ஒட்டி, அதற்குக் கீழே ஒரு கேள்வி எழுதிக் கொண்டு வாருங்கள், பக்கத்தில் இருப்பவர் மனத்தால் போட வேண்டும்.