கூம்பு வெட்டிகள்: திட்ட வடிவிலிருந்து வளைவரையை இனங்காணுதலும் குவியங்களைக் காணுதலும்

ஆறாம் படிவம், கீழ்நிலை. ஜார்ஜ் டவுன் சனிக்கிழமைக் கணித வகுப்பு. பயிற்சித் தாள் 7.

எஸ்.டி.பி.எம். கணிதம் டி பாடத்தின் முதல் தவணையில் பகுமுறை வடிவியல் இடம்பெறுகிறது. கொடுக்கப்பட்ட சமன்பாட்டைத் திட்ட வடிவுக்கு மாற்றுவதும், அதிலிருந்து முனை, மையம், குவியம் ஆகியவற்றைக் கண்டறிவதும், பின்னர் வளைவரையை வரைவதும் அதன் முதன்மைத் திறன்கள். இந்தத் தாள் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. விளக்கத்தை ஒருமுறை பென்சிலோடு படித்து, எடுத்துக்காட்டுகளின் ஒவ்வொரு வரியையும் உங்கள் ஏட்டில் நீங்களே எழுதிப் பார்த்த பிறகே வினாக்களுக்குச் செல்லுங்கள்.

1. எந்த வளைவரை?

xy உறுப்பு இல்லாத இருபடிச் சமன்பாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

Ax² + Cy² + Dx + Ey + F = 0

முதலில் பார்க்க வேண்டியவை A, C என்னும் இரு கெழுக்கள் மட்டுமே. அவற்றுள் ஒன்று பூச்சியமானால், அதாவது ஒரு மாறி மட்டும் வர்க்கமாக வந்தால், அது பரவளையம். இரண்டும் ஒரே குறியுடன், ஆனால் வெவ்வேறு மதிப்புடன் இருந்தால் நீள்வட்டம். மதிப்பும் ஒன்றாகிவிட்டால் வட்டம். ஒன்று நேர்க்குறியும் மற்றது எதிர்க்குறியுமாக இருந்தால் அதிபரவளையம்.

இது முதல் ஊகம்தான், முடிவன்று. 4x² − 9y² = 0 என்பதில் குறிகள் மாறுபட்டிருந்தாலும் அது (2x − 3y)(2x + 3y) = 0 என்று பிரிந்து, ஆதியில் வெட்டும் இரு நேர்கோடுகளாகிவிடுகிறது. ஆகவே வர்க்கத்தைப் பூர்த்தி செய்து, வலப்பக்கம் எஞ்சும் எண் பூச்சியமா இல்லையா என்று பார்த்த பிறகே பெயரைச் சொல்ல வேண்டும்.

2. பரவளையம்

(y − k)² = 4a(x − h) எனில் முனை (h, k), குவியம் (h + a, k), இயக்குவரை x = h − a. x வர்க்கமாக வந்தால் (x − h)² = 4a(y − k); குவியம் (h, k + a), இயக்குவரை y = k − a. எந்த மாறி வர்க்கமாகவில்லையோ, அந்த மாறியின் அச்சுத்திசையில்தான் வளைவரை திறக்கிறது. a எதிர்க்குறி பெற்றால் இடப்பக்கமோ கீழ்ப்பக்கமோ திறக்கும். a-யின் குறியை விட்டுவிடாமல் அப்படியே கூட்டினால் குவியம் தானாகவே சரியான பக்கத்தில் வந்து விழும்.

எடுத்துக்காட்டு: y² − 6y − 8x + 25 = 0

y உறுப்புகளை ஒருபக்கம் நிறுத்தி 9-ஐ இருபுறமும் கூட்டினால்,

(y − 3)² = 8x − 16 = 8(x − 2)

4a = 8, ஆகவே a = 2. முனை (2, 3), குவியம் (4, 3), இயக்குவரை x = 0, அதாவது y-அச்சேதான். விடையைச் சரிபார்க்க வளைவரையின் மீது ஒரு புள்ளியை எடுங்கள். x = 4 எனில் (y − 3)² = 16, y = 7. (4, 7) என்ற புள்ளி குவியத்திலிருந்து 4 அலகும், y-அச்சிலிருந்து 4 அலகும் தொலைவில் இருக்கிறது. இந்தச் சமத் தொலைவுதான் பரவளையத்தின் வரையறை என்பதால், அரை நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைத் தேர்விலும் செய்யுங்கள்.

இங்கே ஒரு செய்தி. தொங்கு பாலத்தில் இரு கோபுரங்களுக்கிடையே தொய்ந்து, சீராகப் பரவிய பாதையின் எடையைத் தாங்கும் முதன்மை வடம் பரவளைய வடிவை அடைகிறது. ஆனால் 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதன் வடங்கள் கோபுரத்திலிருந்து பாதைக்கு நேராக இழுத்துக் கட்டப்பட்டவை, எனவே அவற்றுக்குப் பரவளையச் சமன்பாடு எழுதுவது பொருந்தாது.

3. நீள்வட்டம்

திட்ட வடிவில் இரு பின்னங்களும் கூட்டப்பட்டு 1-க்குச் சமமாக நிற்கும். இங்கே பகுதிகளின் அளவைப் பார்க்க வேண்டும்: பெரியது a², சிறியது b². a² எந்த மாறியின் கீழ் இருக்கிறதோ, நெட்டச்சு அந்தத் திசையில் செல்லும். குவியங்கள் நெட்டச்சின் மீது, மையத்திலிருந்து c தொலைவில் இருக்கும்.

c² = a² − b²

இந்த வாய்பாடு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மறக்காது. நீள்வட்டத்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் இரு குவியங்களுக்குமான தொலைவுகளின் கூடுதல் 2a. குற்றச்சின் முனையில் நிற்கும் புள்ளிக்கு அவ்விரு தொலைவுகளும் சமம், ஆகவே ஒவ்வொன்றும் a. அந்தப் புள்ளி, மையம், குவியம் மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணத்தை ஆக்குகின்றன; அதன் கர்ணம் a, மற்றப் பக்கங்கள் b, c. எஞ்சியது பிதாகரஸ் தேற்றம்.

எடுத்துக்காட்டு: 9x² + 25y² − 36x + 50y − 164 = 0

9(x − 2)² + 25(y + 1)² = 164 + 36 + 25 = 225

(x − 2)²/25 + (y + 1)²/9 = 1

அடைப்புக்குள் வர்க்கத்தைப் பூர்த்தி செய்யும்போது 4-ஐச் சேர்த்தாலும், வெளியே 9 நிற்பதால் உண்மையில் கூட்டப்படுவது 36 என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு வரியில்தான் நேர்கின்றன. a = 5, b = 3, c = 4. மையம் (2, −1), குவியங்கள் (6, −1), (−2, −1). குற்றச்சின் முனையான (2, 2)-இலிருந்து இரண்டுக்கும் தொலைவு 5. கூடுதல் 10, அதாவது 2a.

4. அதிபரவளையம்

நீள்வட்டத்தில் பழகிய கண் இங்கேதான் ஏமாறுகிறது. அதிபரவளையத்தில் a², b² ஆகியவற்றை அளவு முடிவு செய்வதில்லை. குறி முடிவு செய்கிறது. வலப்பக்கம் +1 ஆன பிறகு எந்தப் பின்னம் நேர்க்குறியுடன் நிற்கிறதோ, அதன் பகுதி a². அது b²-ஐவிடச் சிறியதாகவும் இருக்கலாம். x²/9 − y²/16 = 1 என்பதில் 16 பெரியதாயினும் a² = 9; குறுக்கச்சு x-அச்சின் மீது கிடக்கிறது.

c² = a² + b²

இங்குக் குவியங்கள் முனைகளுக்கு அப்பால் இருப்பதால் c, a-யைவிடப் பெரியதாக வேண்டும். கழித்தால் அது ஒருபோதும் கிடைக்காது. எந்த வாய்பாடு எதற்கு என்ற குழப்பம் வந்தால் இதை நினைவுகூருங்கள். மையத்தொலைத்தகவு e = c/a ஆகையால் நீள்வட்டத்துக்கு e < 1, அதிபரவளையத்துக்கு e > 1; பரவளையத்துக்கு e = 1.

எடுத்துக்காட்டு: 16x² − 9y² − 64x − 18y + 199 = 0

x²-இன் கெழு நேர்க்குறி பெற்றிருப்பதால் வளைவரை இடமும் வலமுமாகத் திறக்கும் என்று இப்போதே எழுதிவிடாதீர்கள்.

16(x − 2)² − 9(y + 1)² = −199 + 64 − 9 = −144

வலப்பக்கம் எதிர்க்குறி எண் வந்துவிட்டது. −144-ஆல் வகுக்கும்போது இரு குறிகளும் புரள்கின்றன:

(y + 1)²/16 − (x − 2)²/9 = 1

a = 4, b = 3, c = 5. குறுக்கச்சு செங்குத்தானது; மையம் (2, −1), முனைகள் (2, 3), (2, −5), குவியங்கள் (2, 4), (2, −6), தொலைத்தொடுகோடுகள் y + 1 = ±(4/3)(x − 2). சோதனைக்கு y = 4 என இடுங்கள்: (x − 2)² = 81/16, ஆகவே (17/4, 4) வளைவரையின் மீதுள்ளது. அருகிலுள்ள குவியத்துக்குத் தொலைவு 9/4, மற்றதற்கு 41/4. வேறுபாடு 8, அதாவது 2a.

5. பயிற்சி

வினா 1. வளைவரையின் பெயரை மட்டும் காரணத்துடன் எழுதுக.
(அ) x² + 4y² − 2x = 15
(ஆ) 3y² − x² = 12
(இ) 2x² + 2y² − 8x = 0
(ஈ) x² = 24 − 12y

வினா 2. x² − 4x + 12y − 20 = 0 என்ற பரவளையத்தின் முனை, குவியம், இயக்குவரை ஆகியவற்றைக் காண்க.

வினா 3. 25x² + 16y² + 150x − 64y − 111 = 0 என்பதைத் திட்ட வடிவில் எழுதிக் குவியங்களைக் காண்க.

வினா 4. 4x² − 5y² + 8x + 10y − 21 = 0 என்பதன் மையத்தையும் குவியங்களையும் காண்க.

வினா 5. கூரையில் நிறுவப்பட்ட ஒரு பெரிய சமச்சீர் அலைவாங்கித் தட்டின் வாய் விட்டம் 240 செ.மீ., நடு ஆழம் 40 செ.மீ. அலைகள் குவியும் இடத்தில் வாங்கியைப் பொருத்த, அது தட்டின் அடியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும்? (வீடுகளில் காணும் சிறிய தட்டுகள் பெரும்பாலும் பரவளையப் பரப்பின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள், அதனால்தான் அவற்றின் வாங்கி நடுவில் இல்லாமல் கீழிருந்து நீளும் கையில் இருக்கிறது. இக்கணக்கை அவற்றுக்குப் பொருத்தாதீர்கள்.)

வினா 6. கோள்கள் நீள்வட்டத்தில் செல்கின்றன என்றும் ஞாயிறு ஒரு குவியத்தில் உள்ளது என்றும் கெப்ளர் 1609-இல் வெளியிட்டார். புவியின் பாதைக்கு a = 149.6 மில்லியன் கி.மீ., e = 0.0167. மையத்திலிருந்து ஞாயிறு எவ்வளவு தொலைவில் உள்ளது?

வினா 7. x²/(20 − k) + y²/(4 − k) = 1 என்ற சமன்பாடு k-யின் எம்மதிப்புகளுக்கு நீள்வட்டத்தையும், எம்மதிப்புகளுக்கு அதிபரவளையத்தையும் குறிக்கிறது? ஒவ்வொரு நிலையிலும் குவியங்களைக் காண்க.

6. விடைகள்

1. (அ) நீள்வட்டம்: (x − 1)² + 4y² = 16. (ஆ) அதிபரவளையம்: y²/4 − x²/12 = 1. (இ) வட்டம்: (x − 2)² + y² = 4. (ஈ) கீழ்நோக்கித் திறக்கும் பரவளையம்.

2. (x − 2)² = −12(y − 2); a = −3. முனை (2, 2), குவியம் (2, −1), இயக்குவரை y = 5.

3. (x + 3)²/16 + (y − 2)²/25 = 1. நெட்டச்சு செங்குத்தானது, c = 3. குவியங்கள் (−3, 5), (−3, −1).

4. (x + 1)²/5 − (y − 1)²/4 = 1. மையம் (−1, 1), c = 3. குவியங்கள் (2, 1), (−4, 1).

5. முனையை ஆதியாகக் கொண்டால் வளைவரை (40, 120) வழியே செல்லும். 120² = 4a × 40, a = 90. வாங்கி அடியிலிருந்து 90 செ.மீ. தொலைவில், அதாவது தட்டின் வாய்க்கு 50 செ.மீ. முன்னால் இருக்க வேண்டும்.

6. c = ae ≈ 2.5 மில்லியன் கி.மீ. ஞாயிற்றின் ஆரம் ஏறத்தாழ 0.7 மில்லியன் கி.மீ. ஆகையால், பாதையின் மையம் ஞாயிற்றுக்கு வெளியே விழுகிறது.

7. k < 4 எனில் இரு பகுதிகளும் நேர்க்குறியுடையவை; 20 − k பெரியது, ஆகவே நீள்வட்டம்; c² = (20 − k) − (4 − k) = 16. 4 < k < 20 எனில் இரண்டாம் பகுதி எதிர்க்குறி பெறுவதால் அதிபரவளையம்; a² = 20 − k, b² = k − 4, c² = a² + b² = 16. வளைவரை மாறினாலும் இரு நிலைகளிலும் குவியங்கள் (4, 0), (−4, 0). k > 20 எனில் இடப்பக்கம் நேர்க்குறி பெறவே முடியாது என்பதால் வளைவரை இல்லை; k = 4, k = 20 ஆகிய மதிப்புகளுக்குச் சமன்பாடே வரையறுக்கப்படவில்லை.