கவிப்ரியா, சிவகாசி: செய்த வேலைகளும் ரெஸ்யூமேவும்

வணக்கம். பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். 2026 ஜூன் முதல் வேலையில் சேரத் தயார். பைத்தானில் பேக்எண்ட் வேலை அல்லது மென்பொருள் சோதனை, இந்த இரண்டில் ஒன்றைத் தேடுகிறேன். தமிழ் எழுத்துகளைக் கையாளும் மென்பொருள் என்றால் கூடுதல் மகிழ்ச்சி. அதில்தான் அதிகம் உழைத்திருக்கிறேன்.

ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்றால் நேராக ரெஸ்யூமேவை இறக்கிக்கொள்ளுங்கள்: `kavipriya-resume-en.pdf` (ஆங்கிலம், ஒரு பக்கம்), `kavipriya-resume-ta.pdf` (தமிழ், ஒரு பக்கம்). ஐந்து நிமிடம் இருந்தால் முதல் புராஜெக்ட்டை மட்டுமாவது படியுங்கள்.

புராஜெக்ட் 1: நூலகப் பட்டியலுக்குத் தமிழ் அகரவரிசை

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் சுமார் நாலாயிரம் புத்தகங்களின் பட்டியல் ஒரு எக்செல் கோப்பில் இருந்தது. பாதி பாமினி எழுத்துருவில், பாதி யூனிகோடில். வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் ‘மலர்’ என்று தொடங்கும் தலைப்புகளுக்கு முன்னால் ‘மனம்’ வந்து நின்றது. நூலகர் அண்ணன் இதைப் பழகிக்கொண்டு, இரண்டு இடத்திலும் தேடிப் பார்ப்பார்.

காரணம் எளிது. யூனிகோடில் தமிழுக்கு `U+0B80` முதல் `U+0BFF` வரை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை இல்லை. அங்கே ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற. நமக்கோ ற, ன இரண்டும் கடைசி. அதனால் ‘கல்வி’க்கு முன் ‘கற்பு’ வந்துவிடும். புள்ளியின் எண்ணும் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அகராதியில் ‘அக்கம்’ முதலில், ‘அகம்’ பிறகு. எண் வரிசையில் போனால் தலைகீழ்.

தீர்வின் முக்கியப் பகுதி இவ்வளவுதான்:

```python
from unicodedata import normalize

VOWELS = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃ"
CONS = "கஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"

def key(title):
    out = []
    for ch in normalize("NFC", title):
        if ch in VOWELS:
            out.append((1 + VOWELS.index(ch), 0))
        elif ch in CONS:
            out.append((20 + CONS.index(ch), 1))
        elif ch == "\u0bcd" and out:
            out[-1] = (out[-1][0], 0)
        elif "\u0bbe" <= ch <= "\u0bcc" and out:
            out[-1] = (out[-1][0], ord(ch))
        else:
            out.append((0, ord(ch)))
    return out
```

புள்ளி வைத்த மெய்க்கு 0, அகரம் ஏறிய மெய்க்கு 1, அப்புறம் மற்ற உயிர்க்குறிகள். `normalize` எதற்கு என்றால், ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ொ என்ற ஒரே குறியாகவும், ெ, ா என்ற இரண்டு குறிகளாகவும். திரையில் இரண்டும் ஒன்றேதான். தேடும்போது மட்டும் கிடைக்காது. `NFC` இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

அது சரிசெய்யாத ஒன்றும் உண்டு. ‘கௌதமன்’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் பலர் ெ-ஐப் போட்டுவிட்டு ள என்ற எழுத்தை அடித்து ‘கெளதமன்’ ஆக்கிவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எல்லா ‘கெள’வையும் ‘கௌ’வாக மாற்றிவிடலாமே என்றால், கெளுத்தி மீன் பற்றிய புத்தகம் கௌுத்தியாகிவிடும். அதனால் நிரல் தானாக எதையும் மாற்றாது. சந்தேகமான வரிகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்துக் காட்டும், நூலகர் பார்த்து முடிவு செய்வார்.

பாமினிப் பாதியை யூனிகோடுக்கு மாற்றியது தனி வேலை. பாமினியில் ‘தமிழ்’ என்பது உள்ளே `jkpo;` என்று இருக்கும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. அங்கே ெ, ே, ை மூன்றும் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி மெய்க்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். `nfh` என்பதை ‘கொ’ ஆக்க, முன்னால் உள்ள `n`-ஐயும் பின்னால் உள்ள `h`-ஐயும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நீளமான கோவைகளை முதலில் மாற்றி, குட்டையானவற்றைப் பிறகு மாற்றினால்தான் சரியாக வரும். (பாமினியில் `if` என்றால் ‘கை’. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு என் நிரல்தான் பட்டியலுக்குள் கொட்டிவிட்டது என்று நினைத்தேன்.)

நேர்காணலில் கேட்பீர்கள் என்று தெரியும்: `ICU`-விலேயே தமிழ் வரிசை இருக்கிறதே, ஏன் சொந்தமாக எழுதினாய்? பெரிய வேலையாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன். இங்கே கூடுதல் மென்பொருள் நிறுவ அனுமதியில்லாத பழைய விண்டோஸ் கணினி. பென் டிரைவில் வைத்து இயக்கக்கூடிய சின்னக் கோப்பு ஒன்றுதான் தேவைப்பட்டது. சோதனைக்கு, அச்சு அகராதியைப் பார்த்துச் சிக்கலான சொல்ஜோடிகளை எழுதி வைத்திருக்கிறேன். நிரலில் ஒரு வரி மாறினாலும் அத்தனையும் மறுபடி ஓடும். மூலநிரல், மாதிரிக் கோப்பு, சோதனைகள் மூன்றும் கிட்ஹப்பில் `tamil-shelf-sort` என்ற பெயரில் உள்ளன.

புராஜெக்ட் 2: தாள் கணக்கு

அப்பா ஆஃப்செட் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டால், அப்புறம் மார்கழி வரை மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நேரத்தில் ஆர்டர் எடுப்பவர் வாடிக்கையாளரை எதிரில் வைத்துக்கொண்டே எத்தனை தாள், எத்தனை கிலோ என்று சொல்லியாக வேண்டும். அதற்கு ஃபோனில் ஓடும் ஒரு பக்கம் செய்தேன். வெறும் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட். ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு இணையம் இல்லாமலும் ஓடும், ஏனென்றால் கட்டிங் பகுதியில் சிக்னல் கிடைக்காது.

எடைக் கணக்கு எல்லா அச்சகத்திலும் தெரிந்ததுதான். நீளம், அகலத்தை அங்குலத்தில் பெருக்கி, ஜி.எஸ்.எம்-ஆல் பெருக்கி, 3100-ஆல் வகுத்தால் 500 தாள் கொண்ட ஒரு ரீமின் எடை கிலோவில் வரும். 23 × 36 அளவில் 70 ஜி.எஸ்.எம். தாள் என்றால் 18.7 கிலோ. அந்த 3100 எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டேன். “அது அப்படித்தான்மா” என்றார். ஒரு சதுர மீட்டர் என்பது 1550 சதுர அங்குலம். அதை 1000 கிராமால் பெருக்கி 500 தாளால் வகுத்தால் 3100. அவரிடம் சொன்னபோது, “சரி, அப்ப சரியாத்தான் போட்டிருக்கோம்” என்று கட்டிங்கைத் தொடர்ந்தார்.

உண்மையில் பணம் மிச்சமாவது வெட்டும் கணக்கில். 7 × 8¾ அங்குல நோட்டீஸ் 6000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8¾ அங்குலப் பக்கத்தை 23 அங்குலப் பக்கத்தோடு சேர்த்து வைத்தால் ஒரு தாளில் 10 துண்டு, மொத்தம் 600 தாள். திருப்பி வைத்தால் 12 துண்டு, 500 தாள், அதாவது சரியாக ஒரு ரீம். நான் செய்த பக்கம் இந்த இரண்டு விதத்தையும் போட்டுப் பார்த்து நல்லதைக் காட்டும். மெஷின் பிடிக்க விடும் கிரிப்பர் ஓரத்தையும், வேஸ்டேஜ் சதவீதத்தையும் நாமே கொடுக்கலாம். புத்தக வேலை என்று தேர்ந்தெடுத்தால் திருப்பி வைக்கச் சொல்லாது. தாளின் கிரெய்ன், அதாவது இழை ஓடும் திசை, மாறினால் புத்தகம் ஒழுங்காக விரியாது. இது பாடத்தில் வரவில்லை, அப்பா சொன்னது.

ஒரே தாளில் இரண்டு திசையிலும் கலந்து வெட்டும் கணக்கு இன்னும் போடவில்லை.

புராஜெக்ட் 3: விடுதித் தண்ணீர்த் தொட்டி

நான்கு பேர் சேர்ந்து செய்த இறுதியாண்டு வேலை. `ESP32` பலகையும் `HC-SR04` மீயொலி உணரியும் தொட்டி மட்டத்தை அளந்து அனுப்பும். சர்க்யூட் என் வேலை இல்லை. உணரி தரும் 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டுக்கு இறக்கியதெல்லாம் தோழிகள். நான் செய்தது தரவைச் சேமிப்பது, எச்சரிக்கை அனுப்புவது. மோட்டார் ஓடும்போது தண்ணீர் அலையடித்து அளவு எகிறிக் குதிக்கும். ஐந்து அளவு எடுத்து நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டதில் பொய் எச்சரிக்கைகள் பெரும்பாலும் நின்றன.

தெரிந்தவை

பைத்தானும் எஸ்.க்யூ.எல்-லும் தினமும் பயன்படுத்துகிறேன். கிட், அடிப்படை லினக்ஸ் கட்டளைகள், ஃபிளாஸ்க், பைடெஸ்ட் உதவியில்லாமல் வரும். ஜாவா பாடத்திட்ட அளவுக்கு. ரியாக்ட் ஒரு பயிற்சியில் தொட்டதோடு சரி, அதை ரெஸ்யூமேவில் போடவில்லை. என்.பி.டி.இ.எல்-லில் தரவுத்தளப் பாடத்துக்கு எலைட் சான்றிதழ் உண்டு.

படிப்பு

பி.இ. 2022–2026, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, ஆறாம் பருவம் வரை சி.ஜி.பி.ஏ. 7.9. நிலுவையில் அரியர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலில் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் ஆவணம் படிப்பதிலும் மின்னஞ்சல் எழுதுவதிலும் சிக்கல் இல்லை. பேசும்போது முதல் சில நிமிடம் மெதுவாக இருக்கும். நேர்காணலில் ஒரு நிரலைக் காட்டி அதைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால் வேகம் வந்துவிடும்.

ரெஸ்யூமே

இரண்டு கோப்பும் மேலே இருப்பவைதான். வேலைத் தளங்களில் ஏற்றுவதாக இருந்தால் ஆங்கிலக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் பி.டி.எஃப்-இலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும்போது குறிகள் இடம் மாறி எழுத்து குலைவது வழக்கம். தமிழ்க் கோப்பு படிப்பதற்கும் அச்சடிப்பதற்கும். இரண்டிலும் விஷயம் ஒன்றே. கல்லூரியின் பெயரும் என் தொலைபேசி எண்ணும் அவற்றில் இருக்கின்றன. எண்ணை இந்தப் பக்கத்தில் போடாததற்குக் காரணம், லோன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகள்.

தொடர்புக்கு

கீழே உள்ள படிவத்தில் எழுதுங்கள், அன்றைக்கே பதில் போடுவேன். மதுரை, கோவை, சென்னை, பெங்களூர் எங்கே என்றாலும் வரத் தயார், தங்குமிடம் நானே பார்த்துக்கொள்வேன். பயிற்சிக்கு முன்பணம் கேட்கும் இடங்களும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் தயவுசெய்து எழுத வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் பருவத் தேர்வு இருப்பதால் அப்போது நேர்காணலுக்கு மாலை நேரம் வசதி. மற்ற மாதங்களில் எந்த நேரமும் சரி.