கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை: பேருந்து விடுகதைகள்

மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளே, கடைசி வரிசை வரைக்கும் மைக் கேட்கிறதா? சரி. பினாங்கு போய்ச் சேர நாலைந்து மணி நேரம் ஆகும். தூக்கம் வரும்வரை விடுகதை போடலாம். விதி இரண்டுதான். விடை தெரிந்தவர் கை தூக்க வேண்டும், கத்தக் கூடாது. துணைக்கு வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் வாயைத் திறக்கவே கூடாது. இரண்டாவது விதியைத்தான் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் சுலபமானது.

நாற்பது பேரை விழுங்கினான்,
ஒருவரையும் மெல்லவில்லை.
தாப்பாவில் கக்குவான்,
அரை மணியில் திரும்ப விழுங்குவான்.
யார் அவன்?

நாம் உட்கார்ந்திருக்கும் இதே பேருந்துதான்! கக்குவான் என்று சொன்னதும் முகத்தைச் சுளித்தவர்கள் ஜன்னல் ஓரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் கட்டிப் பிடிப்பான்,
பிரேக் போட்டால் இறுக்கிப் பிடிப்பான்,
பாட்டி இல்லை, ஆனால் விடமாட்டான்.

சீட் பெல்ட். போட்டிருக்கிறீர்களா? இப்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியும்.

ஜன்னல் வழியே பாருங்கள், தூரத்தில் தெரிகிறார்கள்.

இரட்டைப் பிள்ளைகள், ஒரே உயரம்.
ஆளுக்கு 88 மாடி.
கை கோத்து நிற்கிறார்கள்,
இன்றுவரை விட்டதே இல்லை.

இரட்டைக் கோபுரம். கை எது? 41, 42-ஆம் மாடிகளில் இருக்கும் அந்தப் பாலம். "டீச்சர், ஒருவருக்கு மூக்கு அரித்தால் என்ன செய்வார்?" என்று யாராவது கேட்டால் அதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

அடுத்தது பத்துமலை. இதில் கவனம் வேண்டும்.

பத்துமலையில் 272 படி ஏறினேன்.
அதே வழியில் 272 படி இறங்கினேன்.
அங்கே மொத்தம் எத்தனை படி?

544 என்று கத்தியவர்கள் உட்காருங்கள். கணக்கு சரி, விடை தப்பு. 272-தான்! நான் இறங்கும்போது யாரும் புதுப் படி கட்டவில்லையே. கால் வலிக்கு மட்டும் 544 என்று வைத்துக்கொள்ளலாம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அங்கேயே இன்னொன்று.

அர்ச்சனைக்கு வாழைப்பழம் வாங்கிப் போனேன்.
சாமிக்கு முன்னால் ஒருவர் சாப்பிட்டுவிட்டார்.
நன்றி சொல்லவில்லை, தோலை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

யாரென்று சொல்லவே வேண்டாம். "என் தம்பி" என்று சொன்னாலும் சரிதான். ஆனால் என்னிடம் இருக்கும் விடை குரங்கு.

நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டோம்.

அட்டையைக் காட்டினால் கை தூக்குவான்,
வணக்கம் சொல்வதற்கு அல்ல.
கை இறங்குவதற்குள் காசு போய்விடும்.

டோல் சாவடியின் தடுப்புக் கம்பி. இதற்கு "டீச்சர்" என்று சொன்ன குழந்தை யார்? நான் வகுப்பில் கை தூக்கச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை.

அடுத்த விடுகதையை ஓட்டுநர் அண்ணன் ரொம்ப ரசிப்பார்.

காலில்லை, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வருவான்.
பதில் சொன்னால் போய்விடுவான்,
மறுபடி பின் சீட்டிலிருந்து எழுந்து வருவான்.
பினாங்கு வந்தால்தான் அடங்குவான்.

யாருக்கும் தெரியவில்லையா? ஒரு துப்பு: இந்த ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் அவனை என்னிடம் அனுப்பிவிட்டார்கள். "இன்னும் எவ்வளவு நேரம், டீச்சர்?" என்ற கேள்விதான்!

காலையில் நூறு வயது,
ஈப்போவில் பத்து வயது.
ஒயர் மாட்டினால் மறுபடி வயதாகும்.
பூஜ்யம் ஆனால் அண்ணன்தான் அழுவான்.

கைபேசியின் பேட்டரி. வயது குறையக் குறைய அழுகை கூடுவது இது ஒன்றில்தான்.

அடுத்ததற்கு ஈப்போ தாண்டும்வரை காத்திருங்கள். மலை வரட்டும். இதோ வந்துவிட்டது.

வாய் இரண்டு, பல் ஒன்றும் இல்லை.
ஒரு வாயில் போனவன் மறு வாயில் வருவான்.
வயிற்றுக்குள் மட்டும் பகலிலும் விளக்கு.

சுரங்கப் பாதை! மெனோரா சுரங்கத்துக்குள் போகும்போது கத்தலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கத்துவீர்கள்.

பசி வந்திருக்கும். சாப்பாட்டு விடுகதை இரண்டு, விடை சொன்னவர் தின்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

பிசைந்தார், வீசினார், மடித்தார், சூட்டில் போட்டார்,
எடுத்து இரண்டு கையாலும் அடித்தார்.
போலீஸ் வரவில்லை,
பருப்புக் குழம்புதான் வந்தது.

ரொட்டி சானாய். சுட்டு எடுத்த ரொட்டியைக் கையால் தட்டித் தட்டி உதிர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதைப் பார்ப்பதற்காகவே கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்கார வேண்டும்.

மேலிருந்து விழுவான், அடி படாது.
தூக்கி மறுபடி விழவிடுவார்கள்,
விழ விழ நுரைத்துச் சிரிப்பான்.

தே தாரிக். விழுந்தாலும் சிரிக்கும் ஒரே ஆள்.

இந்த டுரியான் விடுகதைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உடம்பெல்லாம் முள், உள்ளே மஞ்சள் மெத்தை.
கதவைத் தட்டுவதற்கு முன்பே வந்துவிட்டான் என்று தெரியும்.
ஓட்டலில் அவனுக்கு அறை கிடையாது,
என் வயிற்றில் எப்போதும் உண்டு.

ஐயையோ, விடையை முதலிலேயே சொல்லிவிட்டேனா? சரி, எல்லாருக்கும் ஒரு மதிப்பெண். எனக்கும் சேர்த்துத்தான்.

இதோ கடல் தெரிகிறது. பெரிய விடுகதை.

ஒரு கால் பிறையில், ஒரு கால் குளுகோரில்.
1985-இல் திறந்ததிலிருந்து ஓர் அடி நகரவில்லை,
ஆனாலும் கடலைத் தாண்டிவிட்டான்.

பினாங்குப் பாலம். மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் தண்ணீருக்கு மேலே. இப்போது எண்ணிக்கொண்டே போங்கள். இவருக்கு ஒரு தம்பியும் இருக்கிறார், 2014-இல் திறந்த இரண்டாம் பாலம். தம்பிக்கு நீளம் 24 கிலோமீட்டர்! அண்ணனைவிடத் தம்பி வளர்ந்துவிடுவது பல வீட்டில் நடப்பதுதான்.

நாளை கொடிமலை ஏறுவோம். அதற்கும் ஒன்று இப்போதே:

ஒருவன் ஏறினால் மற்றவன் இறங்குவான்,
இருவருக்கும் ஒரே தண்டவாளம்.
பாதி வழியில் மட்டும் ஒதுங்கிக்கொள்வார்கள்,
இடித்துக்கொண்டதே இல்லை.

மலை ரயில். இரண்டு பெட்டியும் ஒரே கம்பி வடத்தில் கட்டியிருக்கிறது, அதனால் ஒன்று மேலே போக மற்றது கீழே வருகிறது. தண்டவாளம் ஒதுங்கும் இடத்தில் கை அசைக்க ஆசைப்படுபவர்கள் ஜன்னல் பக்கம் இடம் பிடியுங்கள். 1923-இல் தொடங்கிய ரயில், பெட்டிகளும் தண்டவாளமும் பிறகு மாறின.

கடைசியாகப் படகு.

போகும்போது முகம், வரும்போது முதுகு.
உடம்பைத் திருப்பாமலே திரும்பி வருவான்.

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடிய அந்தப் பழைய ஃபெர்ரி. இரண்டு பக்கமும் முன்பக்கம்தான், அதனால் கரையில் திரும்ப வேண்டியதில்லை. அதுபோல எனக்கும் வகுப்பில் இரண்டு பக்கமும் முகம் இருந்தால் நல்லது. கரும்பலகையைப் பார்த்தபடியே உங்களைப் பார்க்க முடியும்.

இனி நீங்கள் போடுங்கள். ஓட்டுநர் அண்ணன் மட்டும் இதுவரை ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. மைக்கை அவரிடம் கொடுக்கக் கூடாது, ஆனால் ஓட்டலில் இறங்கியதும் அவரைத்தான் முதலில் மடக்க வேண்டும்.