கை போட்டாச்சா?

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு: டாக்டர், ஹவுஸ் சர்ஜன், சிஸ்டர், வார்டு பணியாளர் எல்லோருக்கும்

கையைச் சுத்தம் செய்ய உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து நேரங்கள்தான், நம் வார்டுக்கு ஏற்றபடி.

1. நோயாளியைத் தொடும் முன்
நாடி பார்ப்பதோ, பி.பி. பார்ப்பதோ, எழுப்பி உட்கார வைப்பதோ, முதலில் கை. "பக்கத்து பெட்டில் இப்பதானே போட்டேன்" என்றால், அங்கிருந்து வரும் வழியில் ஸ்கிரீனை இழுத்தது யார், போனை எடுத்தது யார்?

2. ஊசி, வென்ஃப்ளான், டிரெஸ்ஸிங், கதீட்டர், சக்‌ஷனுக்கு முன்
நாம் கோட்டை விடுவது இங்கேதான். கையைச் சுத்தம் செய்துவிட்டு, அதே கையால் டிராலியைத் தள்ளி, ஸ்கிரீனைச் சரிசெய்து, அப்புறம் தையலில் கை வைத்தால் முதலில் செய்ததற்குப் பலனே இல்லை. எல்லாவற்றையும் எடுத்து வைத்து முடித்துவிட்டு, கடைசியாகக் கை, உடனே வேலை. வென்ஃப்ளான் வழியாக மருந்து ஏற்றுவதும் இதில் சேரும்.

3. ரத்தம், சிறுநீர், சளி, வாந்தி பட்டிருந்தால், பட்டிருக்கலாம் என்றாலும்
யூரின் பேக், டிரெயின் காலி செய்த கிளவுஸோடு அடுத்த பெட்டுக்குப் போகாதீர்கள். கழற்றிப் போட்டுவிட்டுக் கையைச் சுத்தம் செய்யுங்கள். கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் கையில் ஒட்டும்.

4. நோயாளியைத் தொட்டு முடித்த பின்
அடுத்த பெட்டுக்கு நகரும் முன்.

5. நோயாளியைத் தொடவில்லை, சுற்றியுள்ளதைத் தொட்டேன்
கட்டில் கம்பி, டிரிப் ஸ்டாண்ட், லாக்கர், மானிட்டர் பட்டன். ஆளைத் தொடவே இல்லையே என்று ரவுண்ட்ஸில் எல்லோரும் நழுவும் இடம் இது (பெரிய டாக்டர்களும்தான்). அலாரத்தை மட்டும் நிறுத்தியிருந்தாலும் கை.

எப்படி?
கை சுத்தமாகத் தெரிந்தால் ஹேண்ட் ரப்: உள்ளங்கை நிறைய எடுத்து, விரல் இடுக்கு, கட்டைவிரல், நுனி எல்லாம் 20 முதல் 30 விநாடி, தானாகக் காயும்வரை. துணியில் துடைக்க வேண்டாம். அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தாலும், கழிவறை போய் வந்தாலும் சோப்பும் தண்ணீரும், மொத்தம் 40 முதல் 60 விநாடி. கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்று சந்தேகப்படும் பேதி நோயாளியிடம் ஹேண்ட் ரப்பை நம்பாதீர்கள். அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது, கழுவித்தான் போக்க வேண்டும்.

மோதிரம், வளையல், வாட்ச் டியூட்டியில் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

யாராவது மறந்தால் "சார், கை", "சிஸ்டர், கை" என்று சொல்லுங்கள். ஹவுஸ் சர்ஜன் சீஃபுக்கும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ரவுண்ட்ஸிலேயே பேசி வைத்தாயிற்று.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஹேண்ட் ரப் பாட்டில் இருக்கிறது, வாஷ்பேசின் டிரெஸ்ஸிங் ரூம் வாசலில். பாட்டில் காலியா? அப்படியே விட்டுவிடாமல் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள், இரவு டியூட்டிக்கு மாற்று பாட்டில்கள் நர்சிங் ஸ்டேஷன் கீழ் அலமாரியில்.