பொருள்: ஆலங்குளம் கடையிலிருந்து திரும்பி வந்த பைப், வால்வுகளுக்கான கிரெடிட் நோட் CN/25-26/047, அதற்கான ஜி.எஸ்.டி. சரிக்கட்டு

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 24ஆம் தேதி நீங்கள் திருப்பி அனுப்பிய சரக்கு எங்கள் குடோனுக்கு வந்து சேர்ந்தது. சரிபார்த்து முடித்து, நவம்பர் 26 தேதியிட்ட கிரெடிட் நோட்டை இந்த மின்னஞ்சலுடன் இணைத்திருக்கிறேன். நேற்று தொலைபேசியில் நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு விடாமல் எழுத்திலும் பதில் தருகிறேன். உங்கள் கடையில் கணக்கு எழுதும் தம்பிக்கும் ஆடிட்டருக்கும் இதை அப்படியே அனுப்பிவிடலாம்.

முதலில் சரக்கு. அக்டோபர் 9ஆம் தேதி பில்லில் (எண் 612/25-26) போன 63 மி.மீ. பைப்களில் 28 வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் குடோன் தரையில் பரப்பி, சாக்கெட் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முடி போன்ற மெல்லிய விரிசல், நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படுகிறது. இந்தப் பைப்பைப் பசை போட்டுச் சேர்த்தால் அன்றைக்கு நிற்கும். மோட்டாரைப் போட்டதும் கிணற்றடியிலேயே பிளந்துகொள்ளும். கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கும் சம்சாரியிடம் கொடுக்காமல் நீங்கள் நிறுத்தி வைத்தது பெரிய உதவி. தயாரிப்பாளரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். அதன் முடிவுக்காக உங்கள் கணக்கு காத்திருக்க வேண்டியதில்லை. 12 பால் வால்வுகள் விற்காமல் தங்கியவை. அட்டைப்பெட்டி பிரிக்காமல் வந்திருப்பதால் பிடித்தம் எதுவும் இல்லை. திரும்பி வந்த வண்டி வாடகையும் எங்கள் பொறுப்பு.

இனித் தொகை. 63 மி.மீ. பைப் (எச்.எஸ்.என். 3917) 28 × ரூ.410 = ரூ.11,480. பால் வால்வு (எச்.எஸ்.என். 8481) 12 × ரூ.260 = ரூ.3,120. மொத்தம் ரூ.14,600. இதில் 5 சதவீதத் தள்ளுபடி ரூ.730 போக, வரிக்குரிய மதிப்பு ரூ.13,870.00. மத்திய ஜி.எஸ்.டி. 9 சதவீதம் ரூ.1,248.30, மாநில ஜி.எஸ்.டி. 9 சதவீதம் ரூ.1,248.30. ஆக ரூ.16,366.60, முழு ரூபாய்க்கு ரூ.16,367.

உங்கள் கணக்கில் ரூ.17,228 வந்ததாகவும் எங்கள் நோட்டில் ரூ.861 குறைகிறதே என்றும் கேட்டீர்கள். வித்தியாசம் முழுவதும் அந்தத் தள்ளுபடிதான். அக்டோபர் பில்லில் மொத்தச் சரக்குக்கும் 5 சதவீதம் கழித்துத்தான் உங்களிடம் வாங்கியிருக்கிறோம். பில்லின் கீழ்ப்பகுதியில் அது தனி வரியாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலையைத்தான் நாங்கள் திருப்பித் தர முடியும். பட்டியல் விலைக்கு நோட் போட்டால் நாங்கள் வசூலிக்காத வரியையும் சேர்த்துக் கழித்தது போல ஆகிவிடும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. "வரி கட்டி முடித்த பில்தானே, சரக்கு மதிப்புக்கு மட்டும் நோட் போட்டால் போதாதா, அக்டோபருக்கு எடுத்த உள்ளீட்டு வரியை நான் ஏன் தொட வேண்டும்?" என்று கேட்டீர்கள். ரூ.2,496.60 உங்கள் கையை விட்டுப் போகிறது என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அது போகவில்லை, அண்ணாச்சி. அந்தப் பில்லில் வரியாக எங்களுக்குத் தர வேண்டிய தொகையில் அதே ரூ.2,496.60 குறைகிறது, அரசிடம் நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியிலும் அதே அளவு குறைகிறது. இரண்டும் நேர் செய்துகொள்ளும். சரக்கு உங்களிடம் இல்லாதபோது அதன் வரிப் பயன் மட்டும் உங்கள் கணக்கில் நின்றால், பின்னால் ஆய்வில் கேள்வி வரும்.

சட்டமும் அப்படித்தான். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரக்கு திரும்பினால் விற்றவர் கிரெடிட் நோட் போட்டுத் தன் வரியைக் குறைத்துக்கொள்ள இடம் தருகிறது. வாங்கியவர் உள்ளீட்டு வரியை எடுத்திருந்தால், அதைத் திருப்பினால்தான் விற்றவர் குறைக்க முடியும் என்று 2025 நிதிச் சட்டம் தெளிவாக்கிவிட்டது. அதனால் இந்த நோட்டில் எங்கள் வரி உங்கள் கையில் இருக்கிறது என்றே சொல்லலாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டிசம்பர் 11ஆம் தேதிக்குள் நவம்பர் GSTR-1 தாக்கல் செய்கிறோம். அதில் இந்த நோட் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணுக்கு எதிரே ஏறும். போர்ட்டலில் IMS பக்கத்தில் தெரிந்ததும் Accept கொடுக்கச் சொல்லுங்கள். எதுவும் செய்யாமல் விட்டாலும் GSTR-3B தாக்கலின்போது ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் தம்பி அவசரத்தில் Reject அழுத்திவிட்டால் அந்தத் தொகை எங்கள் வரிப் பொறுப்பில் மறுபடி வந்து சேரும். பிறகு திருத்த இரண்டு பேருக்கும் அலைச்சல்.

டிசம்பர் 14ஆம் தேதி உருவாகும் GSTR-2Bயில் நோட் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருந்தால், 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும் நவம்பர் GSTR-3Bயில் 4(A)(5) வரிசையின் தொகை ஏற்கெனவே இந்த ரூ.2,496.60 கழிந்துதான் வரும். அதையே மறுபடி 4(B)(2)இல் கையால் எழுதினால் இரண்டு முறை திருப்பியதாகிவிடும். நஷ்டம் உங்களுக்குத்தான் என்பதால் இதை மட்டும் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள். உங்கள் டேலியில் இது கொள்முதல் திருப்பம். எங்கள் கிரெடிட் நோட்டுக்கு நேராக நீங்கள் டெபிட் நோட் வவுச்சர் போட வேண்டும், எங்கள் நோட் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு.

திரும்பி வந்த சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்துக்குள் இருப்பதாலும் பயணம் தமிழ்நாட்டுக்குள்ளேயே நடந்ததாலும் ஈ-வே பில் தேவைப்படவில்லை. நீங்கள் கொடுத்து அனுப்பிய டெலிவரி சலானை எங்கள் கோப்பில் சேர்த்திருக்கிறேன். நகல் உங்களிடமும் இருக்கட்டும்.

கணக்கு நிலவரம்: பில் ரூ.1,19,274. நவம்பர் 10ஆம் தேதி நீங்கள் அனுப்பிய ரூ.60,000 வரவாகிவிட்டது. கிரெடிட் நோட் ரூ.16,367 கழித்தால் பாக்கி ரூ.42,907. நம் வழக்கமான 60 நாள் தவணைப்படி டிசம்பர் 8ஆம் தேதிக்குள் அனுப்பினால் போதும். மாற்றுப் பைப் 28ஐ புது லாட்டிலிருந்து தனி பில்லில் அனுப்புகிறோம். பழைய நோட்டோடு அதைச் சேர்த்துக் கழித்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் கலந்தால் ஆண்டு இறுதியில் கணக்கு ஒத்துப்போகாது. புது பைப்பை வண்டியிலிருந்து இறக்கும்போதே சாக்கெட் வாயைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்; ஏற்றுவதற்கு முன்பு நாங்களும் பார்த்துத்தான் அனுப்புகிறோம்.

நோட்டில் எண்ணிக்கையோ தொகையோ உங்கள் கணக்கோடு இடித்தால் டிசம்பர் 5ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். GSTR-1 போவதற்கு முன்னால் என்றால் இங்கேயே திருத்திவிடலாம்.

நன்றியுடன்,
முத்துலட்சுமி
கணக்குப் பிரிவு
பைப் மொத்த விற்பனை, திருநெல்வேலி டவுண்

இணைப்பு: கிரெடிட் நோட் CN/25-26/047, அக்டோபர் 9 தேதியிட்ட பில்லின் நகல்