நான்கு மோட்டார் ட்ரோன்: எடை, உந்துவிசை, பறக்கும் நேரம்
ஏரோஸ்பேஸ் மூன்றாம் ஆண்டுத் திட்டக் குறிப்பு, வேலூர்

இந்தப் பருவத்தில் நீங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குவாட்காப்டர் கட்டப்போகிறீர்கள். ஃப்ரேம் உங்கள் சொந்த வடிவமைப்பு. ஃபிளைட் கன்ட்ரோலராக ஆர்டுபைலட் ஓடும் பிக்ஸ்ஹாக் போர்டு தருகிறோம். ட்ரோன் எவ்வளவு உயரம் போகிறது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. பறப்பதற்கு முன்னால் நீங்கள் கணக்கிட்ட ஹோவர் நேரமும், பறந்தபின் வந்த நேரமும் எவ்வளவு விலகுகின்றன, அது ஏன் என்று விளக்குவதில்தான் பாதி மதிப்பெண்.

முதல் வேலை, எடைப் பதிவேடு. ஆய்வகத்துத் தராசில் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து, திருகு, டை, சாலிடர், ஒயர் உட்பட எழுதுங்கள். விற்பவர் சொல்லும் எடையை நம்ப வேண்டாம். நாங்கள் கட்டிப் பார்த்த மாதிரியில் ஃப்ரேம் 280 கிராம், நாலு 2212 மோட்டார் 216, நாலு 30 ஆம்பியர் இ.எஸ்.சி 100, பத்து அங்குல ப்ரொப்பெல்லர்கள் 48, கன்ட்ரோலரும் ஜி.பி.எஸ்.ஸும் ரிசீவரும் சேர்ந்து 85, ஒயரும் பவர் மாட்யூலும் 75. பேட்டரி இல்லாமல் 804 கிராம். ஒயருக்கு இவ்வளவா என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான அணிகளின் பதிவேட்டில் விட்டுப்போவது இந்த 75 கிராம்தான்.

அடுத்து உந்துவிசை. இதற்குத் தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. சமையலறைத் தராசின் மேல் கனமான மரக்கட்டையை வைத்து, அதன் தலையில் மோட்டாரைத் திருகுங்கள். ப்ரொப்பெல்லரைத் தலைகீழாக மாட்டி, மோட்டாரின் மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் காற்று மேலே போகும், விசை தராசை அழுத்தும். காற்று கீழ்நோக்கிப் போனால் மேசையில் மோதித் திரும்பி அளவைக் கெடுத்துவிடும். த்ராட்டிலைப் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றி கிராம், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் குறியுங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது, கண்ணாடி கட்டாயம். இந்த ஓர் அட்டவணைதான் திட்டத்தின் முதுகெலும்பு. எங்கள் மாதிரியில் ஒரு மோட்டார் 3 எஸ் பேட்டரியில் சுமார் 800 கிராம் தந்தது, நாலும் சேர்ந்தால் 3200.

அப்புறம்தான் பேட்டரிக் கணக்கு. ஹோவருக்கான மின்திறன்:

```
P = T^1.5 / ( eta * sqrt(2 * rho * A) )
```

`T` எடை நியூட்டனில், `A` நாலு ப்ரொப்பெல்லர் வட்டங்களின் மொத்தப் பரப்பு (இங்கே 0.203 சதுர மீட்டர்), `eta` மோட்டாரிலிருந்து ப்ரொப்பெல்லர் வரையுள்ள மொத்தத் திறன். அதை உங்கள் அட்டவணையிலிருந்து எடுங்கள், எங்களுக்கு 0.4 வந்தது. `rho` விஷயத்தில் ஒரு வேலூர்க்காரராக ஒன்று சொல்கிறேன். பாடநூலின் 1.225 இங்கே மே மாத மத்தியானத்துக்குப் பொருந்தாது. நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி சுமார் 1.10தான். அதனால் மட்டும் மின்திறன் 5 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது.

5200 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 380 கிராம் பேட்டரி போட்டால் மொத்தம் 1184 கிராம். 148 வாட், 11.1 வோல்ட்டில் 13.3 ஆம்பியர். பேட்டரியில் 80 சதவீதம் மட்டும் பயன்படுத்துகிறோம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 18.7 நிமிடம். சரி, இரண்டு பேட்டரி போட்டால் 37 நிமிடமா? இல்லை. எடை 1564 ஆகிறது, மின்திறன் 225 வாட்டாக ஏறுகிறது, நேரம் 24.7 நிமிடம். மூன்று போட்டால் 26.7. மூன்றாவது பேட்டரி தந்தது வெறும் இரண்டு நிமிடம், அதற்கு நீங்கள் கொடுத்தது உந்துவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தை: 2.05லிருந்து 1.65க்கு இறங்கிவிட்டது. காற்று வீசும்போது ட்ரோனை நிமிர்த்தப் போதிய விசை மிச்சமிருக்காது. நேரம் உச்சத்தைத் தொடுவது பேட்டரியின் எடை மற்ற எல்லாவற்றின் எடையைப்போல் இரண்டு மடங்காகும்போது. இதைச் சமன்பாட்டை வகையிட்டு நீங்களே நிறுவிக் காட்ட வேண்டும். அந்த உச்சத்தைத் தேடிப் போகாதீர்கள். விகிதம் 2க்குக் கீழே இறங்கும் எந்த வடிவமைப்பையும் ஏற்கமாட்டோம்.

ஆக, நேரம் வேண்டுமானால் பேட்டரியைக் கூட்டாமல் ஃப்ரேமைக் குறைக்கப் பாருங்கள். 16 மி.மீ வெளிவிட்டம், ஒரு மி.மீ தடிமன் கொண்ட கார்பன் குழாய் மீட்டருக்குச் சுமார் 73 கிராம். ஏறக்குறைய அதே குறுக்குவெட்டுப் பரப்புள்ள அலுமினியச் சதுரக் குழாய் 126. கை நீளம் கூடினால் வளைவும் கூடும், அதிர்வு ஜைரோவுக்குப் போகும். நீளத்தை ப்ரொப்பெல்லர்கள் ஒன்றோடொன்று உரசாத அளவுக்கு மட்டும் வையுங்கள். மையத் தட்டில் பேட்டரிக்கு முன்னும் பின்னும் நகரும் இடம் விடுங்கள். ஈர்ப்பு மையத்தை அதை வைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

3டி அச்சில் பி.எல்.ஏ மோட்டார் தாங்கி வேண்டாம். ஒரு முறை ஏப்ரலில் அப்படியொரு ஃப்ரேமைக் காரின் பின்சீட்டில் மத்தியானம் வைத்துவிட்டு வந்தேன். திரும்பியபோது தாங்கி பக்கவாட்டில் ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது. திருகுத் துளை நீள்வட்டமாகியிருந்தது. பி.எல்.ஏ 60 டிகிரியிலேயே இளகும், மூடிய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். பெட்ஜி எடுத்துக்கொள்ளுங்கள், 80 டிகிரி வரை நிற்கும். இந்த ஊர் வெயில் பேட்டரிக்கும் அதே பாடுதான். லிப்போவை வண்டியில் விட்டு வராதீர்கள். உப்பியதைச் சார்ஜில் போடாதீர்கள்.

கன்ட்ரோலரில் முதலில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

```
MOT_BAT_VOLT_MAX  12.6
MOT_BAT_VOLT_MIN  9.9
BATT_LOW_VOLT     10.5
BATT_FS_LOW_ACT   1
```

கடைசி வரி, வோல்ட் இறங்கினால் இருந்த இடத்திலேயே தரையிறங்கச் சொல்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றாமல் மேசையில் எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது. இதற்கு விதிவிலக்கே இல்லை. பி.ஐ.டி எண்களை முதல் நாளே தொட வேண்டாம். போர்டை மெத்தென்ற டேப்பில் ஒட்டி, இரண்டு நிமிடம் ஹோவர் செய்து, லாகில் `VIBE` பாருங்கள். 30ஐத் தாண்டினால் கை தளர்ந்திருக்கிறது அல்லது ப்ரொப்பெல்லர் சமன் இல்லை. அதை விட்டுவிட்டு P எண்ணைக் குறைத்து மறைப்பது ஏமாற்று வேலை. பிறகு `MOT_THST_HOVER` பாருங்கள். விகிதம் 2.7 என்று கணக்கிட்டிருந்தால் அது 0.37க்கு அருகில் வர வேண்டும். 0.5 வந்தால் எடையோ உந்துவிசையோ எங்கோ பொய் சொல்லியிருக்கிறது. மறுபடி தராசுக்குப் போங்கள்.

சட்டம்: 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. உங்கள் ட்ரோன் 2 கிலோவைத் தாண்டக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பார்த்த பிறகு, கல்லூரி மைதானத்துக்குள் மட்டும் பறக்க வேண்டும். பாலாற்று மணலில் போய்ப் பறக்கவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், அந்த மணல் மோட்டார் பேரிங்குக்குள் போய்விடும்.

முதல் பரிசீலனைக்கு எடைப் பதிவேடும் உந்துவிசை அட்டவணையும் கொண்டுவாருங்கள். ஃப்ரேம் வரைபடம் இரண்டாவது பரிசீலனைக்குப் போதும். பறக்கும் சோதனை காலை ஆறரைக்கு, காற்று எழுவதற்குள். ஹோவர் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முழுச் சார்ஜில், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில். அன்றைய வெப்பநிலையையும் எழுதிவையுங்கள், `rho` அதிலிருந்துதான் வரும்.