கோபித்துப் போனவனே: குழந்தை வேலப்பருக்கு நடைப்பாட்டு

தை மாதம் பூம்பாறையிலிருந்து பழநிக்கு நடக்கும் எங்கள் குழுவுக்காக எழுதிய பாட்டுகள் இவை. ஒருவர் முன்னால் பாட, மற்றவர்கள் பல்லவியைத் திருப்பிப் பாட வேண்டும். வசனத்தை ராகம் போட்டு இழுக்க வேண்டாம். நின்று, மூச்சு வாங்கி, பேசுகிற குரலிலேயே சொல்லுங்கள். முருகனை ‘வாடா, போடா’ என்று சொல்லும் இடங்களை மாற்றச் சொன்னார்கள். மாற்ற மனம் வரவில்லை. பெற்ற பிள்ளையிடம் பேசுகிற வாய்தான் எனக்கு இருக்கிறது. சாமியிடம் பேச இன்னொரு வாய்க்கு எங்கே போவேன்?

காப்பு

பழம்தின்ற பிள்ளாய், பெருவயிற்றுப் பிள்ளாய்,
கிழம்தட்டி வந்தேன், கிளம்புமுன் உன்னிடம்.
தம்பியைப் பார்க்கத் தடம்பிடித்துப் போகிறேன்,
தும்பிக்கை நீட்டித் துணைக்கு வா என்னோடு.
உன்மேல் வருத்தம் ஒருபொட்டும் இல்லை,
பழத்தைக் கொடுத்தவர் பெற்றவர் தானே.

1. பூம்பாறை வாசலில்

பல்லவி

குழந்தை வேலப்பா, கொஞ்சம் இறங்கி வா – மலைக்
குளிரில் நிற்கிறாய், மடியில் ஒதுங்க வா.

சரணம்

பூண்டு பிடுங்கிய கையப்பா இது, புழுதி போகவில்லை;
தீண்டலாமா என்று தயங்கி நின்றேன், உன் முகம் வாடவில்லை.
நகத்து இடுக்கில் மண் இருக்கிறது, நாற்றமும் இருக்கிறது;
அகத்தில் ஒன்று அடைத்து இருக்கிறது, அதுவும் உனக்குத் தெரிகிறது.

போகர் பிசைந்த பாஷாணம் என்பார் உன் பொன்மேனியைப் பெரியவர்கள்;
நோகும் என் முழங்காலுக்கு அதில் ஒரு நுனி கிள்ளித் தரமாட்டாயா?
மருந்தாலே ஆன மகனே, உனக்கு மலைப்பனி என்ன செய்யும்?
இருந்தாலும் போர்த்திக்கொள், பார்க்கிற என் கண் கேட்காது.

அருணகிரியார் அயர்ந்த இரவில் அரக்கி ஒருத்தி வந்தாளாம்;
அருகே நீ ஒரு குழந்தையாய்க் கிடந்தாய், அப்படியே நின்றாளாம்.
தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று தயங்கித் திரும்பினாளாம்;
தாயும் பிள்ளையும் என்றால் பேய்க்கும் தயக்கம் வருமாம், வேலப்பா.

அந்தத் தயக்கம் அன்றைக்கு எனக்கு வரவில்லையே, வேலப்பா.

(பல்லவி)

வசனம்: குறிஞ்சி ஆண்டவர் கோயிலில்

முருகா, இந்த இடத்தில் நின்றால், பனி விலகுகிற நாளில் கீழே பழநி தெரிகிறது. நீ மேலேயும் இருக்கிறாய், கீழேயும் இருக்கிறாய். நடுவில் நடக்கிறவள் நான்.

குறிஞ்சியை உன் பேரோடு சேர்த்து வைத்திருக்கிறாய். 2006-ல் அது பூத்தபோது என் சின்னவனுக்குப் பத்து வயது. கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினேன். “அம்மா, மலைக்குச் சட்டை மாட்டியிருக்கிறார்கள்” என்றான். 2018-ல் மறுபடி மலை நீலமாகியது. அந்த மாதத்தில்தான் அவன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். இனி 2030-ல் பூக்கும். பூவுக்கு ஒரு தவணை வைத்திருக்கிறாய், கணக்குத் தவறாமல் நடத்துகிறாய். என் பிள்ளைக்கு என்ன தவணை வைத்தாய்? விரலை மடக்கியாவது காட்டு.

2. இறக்கத்தில்

(வேகமாக, கைத்தாளம் மட்டும் போதும்)

எட்டு வை எட்டு வை வேலப்பா – நான்
எட்டி நடக்கிறேன் பார் அப்பா!

பெருமாள்மலையில் பனி அப்பா – அதைப்
பிளந்து விழுவது ஒளி அப்பா!
வடகவுஞ்சியில் வளைவப்பா – என்
வயதுக்கு இதுவொரு மலைப்பப்பா!
சவரிக்காட்டில் இறக்கமப்பா – கால்
சதையெல்லாம் ஒரு நடுக்கமப்பா!
பாலசமுத்திரம் வெயில் அப்பா – உன்
பார்வை பட்டால் அது நிழல் அப்பா!

முன்னால் போகிற காவடியில் – உன்
மயிலின் இறகு ஆடுதப்பா!
பின்னால் வருகிற கிழவியை நீ – ஒரு
பேச்சுக்கு நின்று பாரப்பா!

எட்டு வை எட்டு வை வேலப்பா – நான்
எட்டி நடக்கிறேன் பார் அப்பா!

3. பழம்

(இந்தப் பாட்டை நடந்துகொண்டே பாடக் கூடாது. உட்கார்ந்து பாட வேண்டும்.)

பல்லவி

ஒரு பழம் தானடா கண்ணே – அதற்கு
ஒரு மலை ஏறி நிற்பாயோ?
ஒரு பழம் தானென்று சொல்ல – எனக்கு
உரிமை இருக்கிறதா, சொல்வாயோ?

சரணம்

மயிலேறி உலகத்தைச் சுற்றி வந்தாய், மேலெல்லாம் வியர்வை கொட்ட;
அயலாரைப் போல வாசலில் நின்றாய், அண்ணன் கையில் பழம் இருக்க.
“சுற்றிய அலுப்பு எப்படி, கண்ணே?” சொன்னாரா ஒருவர் அங்கே?
பெற்றவர் கணக்கில் நியாயம்தான். பிள்ளை வயிற்றின் கணக்கு எங்கே?

என்னுடைய சின்னவனும் உலகம் சுற்றினான், திருப்பூர்தான் அவன் உலகம்;
பனியன் தைத்து அனுப்பிய பணத்தில் பட்ட கடன்கள் தீர்ந்தன.
கடன்தீர்ந்த நிலத்தை, ஊற்றுக்கண் உள்ள அடுக்கு வயலை, முருகா,
உடனிருந்த பெரியவன் பேருக்கு நாங்கள் ஒருநாளில் எழுதிவிட்டோம்.

“எங்களைச் சுற்றியே இருந்தவன் அவன்தான்” என்றேன், என் வாயால் நான்தான்;
அங்கே உன் வீட்டில் சொன்ன அதே சொல், அதைவிடச் சற்றுக் கூர்மையாக.
நின்றான், கேட்டான், தலையை ஆட்டினான், நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.
சென்றான். செருப்பின் சத்தம் கேட்டேன். “சாப்பிட்டுப் போ” என்று கூப்பிடவில்லை.

விருப்பாச்சி வாழைப் பழத்தைப் பிசைந்து, தேனும் நெய்யும் விட்டு,
கற்கண்டு, பேரீச்சை, ஏலம் தூவி, நாட்டுச் சர்க்கரை சேர்த்து,
ஒரு பழம் இல்லையென்று போன பிள்ளைக்கு ஊரே பழம் பிசைகிறது;
இன்னுமா கோபம்? உன் வாயோரத்தில் இனிப்பு வழிந்து நிற்கிறது.

உனக்கு ஊர் பிசைகிறது, கண்ணே. அவனுக்கு யார் பிசைவார்?

(பல்லவி)

4. இடும்பன் மலையைப் பார்த்து

இரண்டு மலைகளைக் காவடி கட்டி
இடும்பன் தூக்கி வந்தான்;
இறக்கி வைத்து மறுபடி எடுத்தான்,
இம்மியும் அசையவில்லை.
கோவணம் கட்டிய சிறுவனாய் வந்து
“இது என் மலை” என்றாய்;
ஆவது பார்த்துக்கொள் என்று நின்றாய்,
அடம்பிடித்து நின்றாய்.

மலைமேல் ஆசையா உனக்கு? இல்லை, அப்பா.
பழம் போன வலி அது.
எனக்குத் தெரியும். என் வீட்டிலும் ஒருவன்
ஊற்றுக்கண்ணைக் கேட்டான்.
தண்ணீர் வேண்டியா கேட்டான்? இல்லை, அப்பா.

5. படியில்

இந்தப் படிக்கு அவன் குப்புற விழுந்தது,
அடுத்த படிக்கு அவன் தவழ்ந்தது,
வேலும் வேலும் வேலப்பா!
இந்தப் படிக்கு அவன் அம்மை கண்டது,
வேப்பிலை நான் விசிறியது,
வேலும் வேலும் வேலப்பா!
இந்தப் படிக்கு அவன் பள்ளி போனது,
மழையில் சிலேட்டை நனைத்தது,
வேலும் வேலும் வேலப்பா!
இந்தப் படிக்கு அவன் முதல் சம்பளத்தில்
எனக்கொரு கம்பளி வாங்கியது,
வேலும் வேலும் வேலப்பா!
இந்தப் படியில் மூச்சு வாங்குகிறது,
இதற்கு அவன் பேரை வைக்கிறேன்,
வேலும் வேலும் வேலப்பா!

(படிகள் இருக்கும்வரை அவரவர் தங்கள் பிள்ளையின் நினைவைச் சேர்த்துப் பாடலாம். பிள்ளை இல்லாதவர்கள் தங்களைப் பெற்றவளைச் சேர்த்துக்கொள்ளலாம்.)

6. சந்நிதியில்

(இது வசனம். கூட்டம் நகர்த்திவிடும், அதனால் வரிசையில் நிற்கும்போதே சொல்லி முடித்துவிட வேண்டும்.)

உன்னைப் பெற்றவர்கள் உன்னைத் தேடி வந்து, “பழம் நீயே அல்லவா” என்று சொன்னார்களாம். அந்தச் சொல்தான் இந்த ஊரின் பேராக நின்றுவிட்டது என்பார்கள். பெற்றவர்கள் தேடி வந்தார்கள், அதைக் கவனித்தேன் முருகா. பிள்ளை திரும்பி வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

நானும் சொல்லத்தான் வந்தேன். ஆனால் கேட்க வேண்டியவன் இங்கே இல்லை. அதனால் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். வாய் குழறாமல் வருகிறதா என்று நீ பார். குறுக்கே பேசாதே. சிரிக்காதே.

“அப்பா, கண்ணே, நான் தப்புச் செய்துவிட்டேன். நிலத்தைப் பற்றி இப்போது பேசவில்லை. நீ வெயிலிலும் தையல் மிஷின் சத்தத்திலும் சுற்றியதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. கடன் தீர்ந்தது என்று ஊரில் சொன்னேன். யாரால் தீர்ந்தது என்று சொல்லவில்லை. நீ தண்ணீர் குடிக்காமல் போன டம்ளரை நான் இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.”

சரியாக வந்ததா? கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. மறுபடி ஒருமுறை சொல்கிறேன். நீ ஆண்டியாக நிற்பதால்தான் உன்னிடம் இதைச் சொல்ல முடிகிறது. கிரீடம் வைத்திருந்தால் வேறு ஏதாவது கேட்டுவிட்டுப் போயிருப்பேன்.

7. இராக்காலத் தாலாட்டு

ஆராரோ ஆராரோ, ஆண்டிப் பிள்ளாய் ஆராரோ,
சீராகச் சந்தனத்தைச் சாத்திவிட்டார், கண்மூடு.

மாலையிலே ராஜாவாய் மகுடம் வைத்து நின்றாயே,
வேலையெல்லாம் முடிந்ததடா, வெறுமேனி ஆகிவிட்டாய்.
பட்டெல்லாம் கழற்றியபின் பழைய பிள்ளை ஆனாயே,
ஒட்டிய உன் வயிறு கண்டு உறக்கம் எனக்கு வரவில்லை.

ஆராரோ ஆராரோ, ஆண்டிப் பிள்ளாய் ஆராரோ,
யாரேனும் கேட்டாரா, “அம்மா எங்கே?” என்றுன்னை?

கால்வலிக்க நிற்கிறாயே, கட்டிலொன்று கேட்கலையா?
கோல்பிடித்த கைவலிக்கும், கொஞ்சநேரம் நான்பிடிப்பேன்.
சந்தனத்தின் குளிர்ச்சியிலே சாய்ந்திருடா என் தோளில்,
வந்தவர்கள் போய்விட்டார், வாசல்நடை சாத்தியது.

ஆராரோ ஆராரோ, ஆண்டிப் பிள்ளாய் ஆராரோ.
தூங்குமுன்னே ஒருவேலை, தூரமில்லை, செய்துவிடு:

மேற்கே முகம்வைத்து நிற்பவனே, மெல்ல ஒருமுறை வடக்கே திரும்பு.
திருப்பூரில் ஒரு மாடி அறை, தகரக் கூரை, ஒற்றை விளக்கு.
விளக்கு எரிகிறதா பார்.
தட்டு கழுவியிருக்கிறதா பார்.
கழுவியிருந்தால் சாப்பிட்டுவிட்டான்.
எனக்கு அது தெரிந்தால் போதும், இந்த இரவுக்கு.
காலையில் நான் பஸ் ஏறுகிறேன்.
ஆராரோ ஆராரோ.